முதல் அறிக்கையில் ஷார்ட் சர்க்யூட்டுக்கு இடமில்லை

கேள்வி:

வணக்கம் சார். பெங்களூர் அல்சூர் பஜார் தெருவில் அப்பா முப்பது வருடமாக ஜவுளிக் கடை நடத்துகிறார். போன செவ்வாய்க்கிழமை இரவு 8.40 மணிக்கு, கடை மூடும் நேரத்தில், மாடியில் இருக்கும் ஸ்டாக் அறையில் தீப்பிடித்துவிட்டது. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், வேலை செய்பவர்கள் பன்னிரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன. 9.50 வாக்கில் தீ கட்டுக்குள் வந்தது. அதற்குள் கண்டபடி வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதால், பத்து மணிக்கு சித்தப்பா பையன் கடை பெயரில் இதைப் போட்டான்: "எதிர்பாராத விதமாக ஷார்ட் சர்க்யூட் காரணமாக எங்கள் கடையில் சிறிய தீ விபத்து ஏற்பட்டது. இறைவன் அருளால் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. யாரும் கவலைப்பட வேண்டாம். இன்னும் இரண்டு நாளில் கடை வழக்கம்போல் இயங்கும். - நிர்வாகம்."

அந்த நேரத்தில் எங்களிடம் வேலை பார்க்கும் பையன் கைகளில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். திருப்பத்தூரிலிருந்து வந்த அவன் அம்மா, "உயிர் போனால்தான் சேதமா?" என்று கேட்டார். கட்டட உரிமையாளர் "என் வயரிங்கைக் குறை சொல்கிறீர்களா?" என்கிறார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் அந்தச் செய்தியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஷார்ட் சர்க்யூட் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என்ன எழுதியிருக்க வேண்டும்? இப்போது சரிசெய்ய வழி உண்டா?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பையனைப் பற்றி. அப்பா இதற்குள் நேரில் போய் அவன் அம்மாவோடு உட்கார்ந்து பேசியிருப்பார் என்று நம்புகிறேன். போகவில்லை என்றால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இன்றைக்கே போய் வரச் சொல்லுங்கள். நீங்கள் வெளியிட வேண்டிய திருத்தத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினான்கு வருடம் இந்த ஊரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தேன். இரவில் வரும் தீ செய்திகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று கூறப்படுகிறது." யார் கூறினார்கள் என்று நிருபரைக் கேட்டால், எதிரே இருக்கும் டீக்கடைக்காரராக இருப்பார், இல்லையென்றால் கூட்டத்தில் நின்ற யாரோ. உங்கள் சித்தப்பா பையனும் பொய் சொல்லவில்லை. மீட்டர் போர்டிலோ சீலிங்கிலோ பொறி பறப்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பார்த்ததைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு தீ எதனால் ஆரம்பித்தாலும், அது மின்கம்பி ஓடும் இடத்தை எட்டியதும் கம்பியின் மேலுறை உருகிவிடும். மெயின் அணைக்கப்படாமல் இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டு செம்புக் கம்பிகளும் ஒன்றையொன்று தொடும், பொறி பறக்கும், லைட் போகும். மறுநாள் பார்த்தால் கம்பியின் நுனியில் செம்பு உருகி மிளகு போல உருண்டு நிற்கும். ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்தாலும் இதே தடயம்தான் கிடைக்கும், தீப்பிடித்ததால் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் இதே தடயம்தான். எது முன், எது பின் என்று பிரிக்க இடம் குளிர வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். எரிந்த தடம் எந்த மூலையில் ஆழமாக இருக்கிறது, மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சுகளில் எது விழுந்திருக்கிறது, அந்த அறையில் என்னென்ன சாமான் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்றெல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள். அதைப் பார்ப்பது தீயணைப்புத் துறை, மின் ஆய்வாளர் அலுவலகம், தேவைப்பட்டால் போலீஸ் அழைக்கும் தடய அறிவியல் ஆய்வகம். சில நேரம் அவர்களே காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதுவதும் உண்டு. பத்து மணிக்குத் தெருவில் நின்றுகொண்டு நீங்களோ நானோ சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

சொல்லிவிட்டதால் என்ன ஆகிறது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சர்வேயர் விஷயத்தில் ரொம்பவும் பயப்பட வேண்டாம். வழக்கமான தீ பாலிசிகளில், ஷார்ட் சர்க்யூட் ஆன அந்த ஒரு மின்சாதனத்துக்கு மட்டும்தான் இழப்பீடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் போன துணிகளுக்கும் மரச் சாமான்களுக்கும் அந்த விலக்கு பொருந்தாது. அதனால் அந்த ஒரு வார்த்தையால் முழுக் க்ளெய்மும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாலிசியில் அந்த வரி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் வேறு இடத்தில் வரும். நாளைக்கு விசாரணை வேறு காரணத்தைச் சொன்னால், உங்கள் கையெழுத்தில் ஒன்றும் அதிகாரியின் அறிக்கையில் இன்னொன்றும் இருக்கும். அதை விளக்க அலைய வேண்டியது நீங்கள்தான். கட்டட உரிமையாளருக்கு உங்கள் வரி குற்றச்சாட்டாகத்தான் கேட்கும், ஏனென்றால் சுவருக்குள் ஓடும் வயரிங் அவருடையது. ஊழியர் காயம்பட்டிருப்பதால் போலீஸ் விசாரணையும் இருக்கும். தீயைக் கையாள்வதில் அலட்சியம் என்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 287-ம் பிரிவு இருக்கிறது. விசாரிப்பவர் கையில் நாமே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது.

இங்கே தமிழில் நமக்கு ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. "தீ விபத்து" என்பது நம் வாயில் ஒரே சொல்லாகவே வந்துவிடுகிறது. ஆனால் விபத்து என்று சொல்லும்போதே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்ற முடிவைச் சொல்லிவிடுகிறோம். "எதிர்பாராத விதமாக" என்பதும் அப்படித்தான்: எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்ற வாதம் அதற்குள் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது விபத்தாகவே இருக்கலாம். இருந்தாலும் முதல் இரவில் "கடையில் தீப்பிடித்தது" என்று எழுதினால் போதும். அதை யாரும் மறுக்க முடியாது. கன்னடத்திலும் இதே கதைதான். "பெங்கி அவகட" என்று எழுதினால் விபத்து என்றாகிவிடும், "பெங்கி காணிஸிகொண்டிதெ" என்றால் தீ தென்பட்டது என்பதோடு நிற்கும். "சிறிய" என்ற சொல்லை யாருக்கும் பயன்படாத சொல் என்று எடுத்துவிடுங்கள். மூன்று வண்டிகள் வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது.

இப்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் செய்தியில் என்னை ரொம்ப வருத்தியது "உயிர்ச்சேதம் எதுவும் இல்லை" என்ற வரிதான். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கட்டுப் போட்ட கைகளோடு படுத்திருப்பவனைப் பெற்றவள் அதைப் படிக்கும்போது, தன் மகன் கணக்கிலேயே இல்லை என்று தெரிகிறது. "இறைவன் அருளால்" என்று முன்னால் வருவதால் இன்னும் வலிக்கிறது. அவனுக்கு அந்த அருள் கிடைக்கவில்லையா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

அந்த வரி இன்னொரு விதத்திலும் ஆபத்தானது. தீக்காயம் முதல் இரவில் தெரிவது போலவே இருக்காது. மேலோட்டமாகத் தெரிந்த காயம் அடுத்த இரண்டு மூன்று நாளில் ஆழமாகலாம். புகையை உள்ளே இழுத்தவர் நடந்து பேசிக்கொண்டிருப்பார், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். அதனால் "லேசான காயம்", "ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டார்" போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் நாம் எழுதவே கூடாது. 2023 அக்டோபர் 7-ம் தேதி நம் ஊர் எல்லையில், அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். முதலில் சொன்ன எண்ணிக்கை அப்படியே நிற்கவில்லை. மருத்துவமனையில் இருந்தவர்களில் சிலரும் பிறகு இறந்தார்கள். அங்கே ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு ஒவ்வொரு எண்ணும் என்னவாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். நாளிதழை விட்ட பிறகு வியாபாரிகளுக்கு இதுபோன்ற அறிக்கைகள் எழுதித் தரத் தொடங்கிய காலம். ஒரு கிடங்கில் தீ. வருகைப் பதிவேட்டில் இருந்த இருபத்து மூன்று பேரும் வெளியே நிற்கிறார்கள் என்று சொன்னார்கள், நானும் "அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர்" என்று எழுதினேன். பார்சல் இறக்க வந்த ஒரு பையன் மாடிக் கழிப்பறையில் இருந்தான். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடவுள் புண்ணியத்தில் தீயணைப்பு வீரர்கள் அவனை இறக்கிக் கொண்டுவந்தார்கள், பிழைத்துக்கொண்டான். அவன் அப்பா அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் எதுவும் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து "அனைவரும்" என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. எத்தனை பேரிடம் பேசினோமோ அந்த எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

அதனால் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது ஆள் எண்ணுவது. பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டும் போதாது. ஃபால்ஸ் தைக்க வரும் அம்மா, மூட்டை தூக்குபவர், கூரியர் பையன், டீ கொண்டுவந்தவர், மாடியில் துணி பார்த்துக்கொண்டிருந்த கடைசி வாடிக்கையாளர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துப் போனில் குரலைக் கேட்க வேண்டும். "அவரை வெளியே பார்த்தேன்" என்று இன்னொருவர் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, காயம்பட்டவரின் வீட்டுக்கு முதலாளியே போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் போகும் செய்தி திருப்பத்தூருக்கு ஒரு நிமிடத்தில் போய்விடும். உங்கள் குரல் அதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். மூன்றாவது, தீயணைப்பு அதிகாரியிடம் போய் இரண்டே கேள்விகள்: உள்ளே இன்னும் யாராவது இருக்க வாய்ப்பு உண்டா? தீ இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நான் எப்படி எழுதலாம்?

இந்த இரண்டாவது கேள்வி ஜவுளிக் கடைக்கு ரொம்ப முக்கியம். தீ "கட்டுக்குள் வந்தது" என்றால் இனி பரவாது என்று அர்த்தம். "அணைந்தது" என்பது வேறு. கட்டுக் கட்டாக அடுக்கிய துணி வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பிரித்து நனைக்க மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மறுபடி சுடர் எழுவதும் உண்டு. பத்து மணிக்கு "முழுமையாக அணைக்கப்பட்டது" என்று போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் புகை வந்தால், அதன் பிறகு நீங்கள் எழுதும் எதையும் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவும் செய்து முடிக்க அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரத்தில் வதந்தி ஓடத்தான் செய்யும், ஓடட்டும். அதன் பிறகு நீங்கள் எழுதியிருக்கக் கூடியது இதுதான். நீங்கள் கடிதத்தில் சொன்ன விவரங்களை வைத்து எழுதுகிறேன். போனில் பேசிவிட்டோம், குடும்பத்துக்குச் சொல்லிவிட்டோம் என்பவை அன்று உண்மையாகவே நடந்திருந்தால் மட்டுமே எழுதக்கூடிய வரிகள்.

"செவ்வாய்க்கிழமை, இரவு 10.15 மணி நிலவரம்.

இன்று இரவு 8.40 மணியளவில் அல்சூர் பஜார் தெருவில் உள்ள எங்கள் கடையின் மாடி ஸ்டாக் அறையில் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறையினர் 9.50 மணியளவில் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஊழியர் ஒருவர் காயமடைந்து மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். அவர் குடும்பத்துக்குத் தகவல் சொல்லிவிட்டோம். எங்கள் வீட்டார் அவருடன் இருக்கிறார்கள். கடையில் அப்போது பணியில் இருந்த மற்ற பதினொரு பேரிடமும் பேசிவிட்டோம்.

தீ எப்படிப் பிடித்தது என்பதை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுத்து ஒத்துழைக்கிறோம்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் இன்று பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உதவிக்கு ஓடி வந்தவர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் நன்றி.

கடை மூடியிருக்கிறது. துணி தைக்கக் கொடுத்தவர்களும் முன்பணம் கட்டியவர்களும் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வியாழக்கிழமை முதல் நாங்களே உங்களை அழைப்போம். இப்போது கடைப் பக்கம் வர வேண்டாம்.

அடுத்த தகவலை நாளை காலை 11 மணிக்குச் சொல்கிறோம்."

அதன் கீழே அப்பாவின் பெயர், உரிமையாளர் என்ற சொல், ஒரே ஒரு போன் எண். "நிர்வாகம்" வேண்டாம். முப்பது வருடமாக அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் வந்தால்தான் அது வருத்தமாகக் கேட்கும்.

தொழிலில் இதை ஹோல்டிங் ஸ்டேட்மென்ட் என்பார்கள், முழு விவரம் வரும் வரை தாங்கிப் பிடிக்கும் செய்தி. தாங்கிப் பிடிப்பது முதல் வரியும் கடைசி வரியும்தான். மேலே நேரம் இருப்பதால், நாளைக்கு நிலைமை மாறினாலும் நீங்கள் எழுதியது தவறாகாது. 10.15-க்கு அதுதான் உண்மை. கீழே அடுத்த நேரம் இருப்பதால், இடையில் அழைப்பவர்களிடம் "பதினொரு மணிக்குச் சொல்கிறேன்" என்று சொல்ல முடியும். ஒன்று மட்டும்: பதினொரு மணிக்குப் புதிதாக எதுவும் இல்லை என்றாலும், இல்லை என்று ஒரு செய்தி போட்டே ஆக வேண்டும். அந்த நேரம் தவறினால் வதந்தி மறுபடி கிளம்பும்.

காயம்பட்டவரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் அதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டாரின் அனுமதி இல்லாமல் அவற்றைப் போட்டால் கேமராக்காரர்கள் வார்டு வாசலில் நிற்பார்கள்.

"வருந்துகிறோம்" என்று எழுதினால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று வியாபாரிகள் கேட்பார்கள். சிரமத்துக்கு வருந்துவது மனிதர்கள் செய்வது. "எங்களால் ஏற்பட்ட இழப்புக்கு", "நஷ்டத்தை ஈடு செய்வோம்" என்று எழுதினால்தான் அது பொறுப்பேற்பு. பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், கம்பெனியின் எழுத்து சம்மதம் இல்லாமல் பொறுப்பேற்கவோ வாக்குறுதி தரவோ கூடாது என்று அதிலேயே நிபந்தனை இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் நாளை இழப்பீடு கேட்டால் அது காப்பீடு, வக்கீல் வழியாகப் போகட்டும். ஆனால் உங்கள் ஊழியரின் சிகிச்சைச் செலவு அப்படி இல்லை. வேலை செய்யும்போது காயம்பட்டவருக்குச் செய்ய வேண்டியது, தீக்கு யார் காரணம் என்பதைப் பொறுத்தது இல்லை. அதைச் செய்ய விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தைக்கக் கொடுத்த துணியைப் பற்றிய வரியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த வீட்டில் அன்று இரவு யாரும் தூங்க மாட்டார்கள். ஆனால் "பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று அன்றைக்கே எழுதவும் கூடாது. எது எரிந்தது, எது தப்பியது என்று உங்களுக்கே தெரியாது. கூப்பிடுகிறோம் என்று சொன்ன நாளில் கூப்பிட்டால் போதும். பில் புத்தகமே எரிந்திருந்தால், கையில் இருக்கும் பில்லைப் போட்டோ எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்லி எழுதுங்கள். "இரண்டு நாளில் இயங்கும்" என்பதும் இதே காரணத்தால் கூடாது. கட்டடம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், மின் இணைப்பு திரும்ப வர வேண்டும், சர்வேயர் பார்த்து முடிக்கும் வரை எரிந்ததை அப்புறப்படுத்த முடியாது. இவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை.

இதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். ஷட்டரில் ஒட்டும் தாளில் கன்னடம் முதலில் இருக்கட்டும். அந்தத் தெருவில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் படிப்பது அதைத்தான். மொழிபெயர்ப்பவர் அக்கறையில் ஒரு "சிறிய"வையோ ஒரு "மின்கசிவை"யோ சேர்த்துவிடுவார். நேரம், எண்ணிக்கை, காரணம் பற்றிய வரி ஆகிய மூன்றும் எல்லா மொழியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிவி நிருபர் வந்து "ஷார்ட் சர்க்யூட்டா?" என்று கேட்பார். "இல்லை" என்றாலும் அது ஒரு தகவல்தான், அதையும் சொல்லக் கூடாது. "அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் வரை நான் சொல்ல முடியாது. இப்போது எங்கள் கவலையெல்லாம் அந்தப் பையனைப் பற்றித்தான்." இதைச் சொல்லிவிட்டுத் தாளைக் கையில் கொடுங்கள். நாலு தடவை கேட்டாலும் இதேதான். கடையில் வேலை செய்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்: பேசக் கூடாது என்று மிரட்ட வேண்டாம், அவர்களும் பயந்துபோயிருப்பார்கள். யாராவது கேட்டால் அப்பாவின் எண்ணைக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். சிசிடிவி பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிவு இருக்கும் பெட்டியை அப்படியே போலீஸிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம். பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதன் படம் சர்வேயரிடமும் அந்த அம்மாவிடமும் இருக்கிறது. அழித்தால் எதையோ மறைத்தது போல ஆகும். அதே இடத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். போலீஸில் வழக்குப் பதிவாகியிருந்தால் வெளியிடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் பெயரில் வந்த செய்தியில் இரண்டு தவறுகள் இருந்தன. தீக்கான காரணம் என்று அதில் சொன்னது அதிகாரிகள் உறுதிசெய்தது அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறோம். விசாரணை நடக்கிறது. அன்று எங்கள் ஊழியர் ஒருவர் காயமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார், அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கடை திறக்கும் நாள் முடிவாகவில்லை, முடிவானதும் சொல்கிறோம்."

இங்கே மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டிருக்கிறேன். தீக்காக இல்லை, அவரைச் சொல்லாமல் விட்டதற்காக. அந்தத் தவறு நிச்சயமாக உங்களுடையது, அதனால் அதில் தயங்க வேண்டியதில்லை. அந்த அம்மாவிடம் நேரில் போக வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். இந்த வாசகத்தை அவர் ஊர் வாட்ஸ்அப்பில் படிக்கும் முன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். பையனைப் பற்றி இந்த அளவுக்குச் சொல்லலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வரிகளை எடுத்துவிட்டு, மன்னிப்பை அவரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

சர்வேயருக்கும் கட்டட உரிமையாளருக்கும் இரண்டு வரியில் கடிதம் கொடுங்கள்: அன்றைய செய்தியில் இருந்த காரணம் ஒரு உறவினரின் ஊகம், எங்களிடம் அதற்கான ஆதாரம் எதுவும் இல்லை, தீயணைப்புத் துறையின் அறிக்கை வந்ததும் நகல் தருகிறோம். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். சித்தப்பா பையனைத் திட்ட வேண்டாம். அன்றைக்கு அந்தப் புகைக்கு நடுவில் கடைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அவர். சர்வேயர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், பொறியைப் பார்த்தேன், காரணம் எனக்குத் தெரியாது என்று பார்த்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.